அக்கா க்ளினிக்குக்கு ஒரு நட்சத்திர விமர்சனம்: பொதுவில் என்ன பதில் எழுதுவது?

அல்சூர்_தம்பி
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் என் அக்கா சின்னதாக ஒரு க்ளினிக் வைத்திருக்கிறார். மாலையில் மட்டும்தான். அக்காதான் டாக்டர், முன்மேசையில் ஒரு பெண், கணக்கு வழக்கு நான். மூன்று நாளைக்கு முன் கூகுள் மேப்பில் ஒரு அம்மா ஒரு நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார். கன்னடத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"படு மோசம். குழந்தையோடு இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். டாக்டர் மூன்று நிமிஷம் கூடப் பார்க்கவில்லை. உடனே ரத்தப் பரிசோதனை, மொத்தம் 1,650 ரூபாய் கறந்துவிட்டார்கள். ரிசப்ஷனில் இருக்கிற பெண்ணுக்கு மனுஷர்களிடம் பேசவே தெரியாது. இவர்களுக்குப் பணம் மட்டும்தான் குறி."

அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. 400 ரூபாய் ஃபீஸில் பத்து வருஷமாக அந்தத் தெருவில் பார்க்கிறவர். நான் எழுதி வைத்திருக்கும் பதில் இது, போடலாமா சொல்லுங்கள்:

"மேடம், நீங்கள் சொல்வது பொய். சனிக்கிழமை உங்கள் டோக்கன் 23. 6.40க்குப் பதிவு, 8.15க்கு உள்ளே போனீர்கள். 95 நிமிஷம்தான். உங்கள் பையனுக்கு *[இந்த இடத்தில் இருந்த இரண்டு வரிகளை நீக்கிவிட்டேன், காரணம் கீழே]* அதனால்தான் பரிசோதனை. ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்று நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஃபீஸ் 400தான், மீதி 1,250 லேபுக்குப் போனது. உண்மை தெரியாமல் ஒரு டாக்டரின் பெயரைக் கெடுக்காதீர்கள்."

கம்மனஹள்ளி_கடை
இதற்கு ஏன் பதில்? மூன்று புள்ளியைத் தட்டி ரிப்போர்ட் அடியுங்கள், போய்விடும். என் மொபைல் கடைக்கு ஒருத்தன் போட்டதை அப்படித்தான் எடுத்தேன்.

அல்சூர்_தம்பி
அடித்துப் பார்த்தேன் அண்ணா. விதிமீறல் இல்லை என்று வந்துவிட்டது.

புகார்ப்பிரிவு_சிஸ்டர்
தம்பி, முதல் வேலையாக உங்கள் பதிவைத் திறந்து அந்தப் பையனின் நோய் பற்றி எழுதிய இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள். இங்கே பெயர் இல்லை என்றாலும் விமர்சனம் பொதுவில் இருக்கிறது, அல்சூர் என்று தேடினால் ஐந்து நிமிஷத்தில் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், மீதியைப் பேசுவோம்.

நான் மும்பையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, கடைசி ஒன்பது வருஷம் நோயாளிகள் புகார்ப்பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது மகளோடு பெங்களூருவில் இருக்கிறேன்.

அல்சூர்_தம்பி
எடுத்துவிட்டேன் சிஸ்டர். மன்னிக்கணும், தோன்றவே இல்லை.

சட்டப்புள்ளி
இது அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதா 356வது பிரிவு. "பணம் கறந்தார்கள்" என்ற சொல் ஒன்றே போதும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், அடுத்த நாளே எடுத்துவிடுவார்.

புகார்ப்பிரிவு_சிஸ்டர்
பிரிவு சரிதான் சார். ஆனால் அந்தம்மா சொன்னதில் எது பொய்? 1,650 கொடுத்தது நிஜம், காத்திருந்தது நிஜம், பரிசோதனை எழுதியதும் நிஜம். "பணம்தான் குறி" என்பது அவருடைய அபிப்பிராயம். நோட்டீஸ் போனால் அதையும் படம் எடுத்து அதே இடத்தில் போடுவார். அப்புறம் அல்சூர் முழுக்கப் பேசுவது விமர்சனத்தைப் பற்றி இருக்காது, க்ளினிக் நோட்டீஸ் விட்டதைப் பற்றித்தான் இருக்கும்.

தம்பி, பதில் எழுதும் முன் ஒரு வேலை. டோக்கன் நோட்டு, பில், யுபிஐ ரசீது, கேமரா இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை மாலையை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தம்மாவை மடக்குவதற்கு இல்லை, நீங்கள் தெரிந்துகொள்வதற்கு. குறிப்பாக ஒன்று கேட்கிறேன்: 6.40 என்பது டோக்கன் கொடுத்த நேரமா, அவர் வாசலுக்கு வந்த நேரமா?

லேப்_டெக்_கரோல்பாக்
டெல்லியிலிருந்து. 1,250 லேபுக்குப் போனது என்று எழுதினால் "அதில் உங்களுக்கு எவ்வளவு" என்ற கேள்விதான் அடுத்து வரும். பணக் கணக்கைப் பொதுவில் பிரித்துக் காட்டாதீர்கள்.

மல்லேஸ்வரம்_பல்டாக்டர்
ஒரு விஷயத்தில் சிஸ்டரோடு எனக்கு உடன்பாடில்லை. நோயாளியின் ரகசியத்துக்கென்று அமெரிக்காவில்தான் தனிச் சட்டம், நம் ஊரில் இவ்வளவு கெடுபிடி கிடையாது. அதோடு ரத்தப் பரிசோதனை எடுத்ததை அந்தம்மாவே ஊருக்குச் சொல்லிவிட்டார். அவரே திறந்த கதவு வழியாக நாம் போவதில் என்ன தப்பு? நாங்கள் வாயை மூடிக்கொண்டே இருந்தால் படிக்கிறவன் விமர்சனம்தான் உண்மை என்று நினைப்பான்.

புகார்ப்பிரிவு_சிஸ்டர்
டாக்டர், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஒரு பக்கம் எது வேண்டுமானாலும் பேசலாம், மறு பக்கம் பேசவே கூடாது என்பது கஷ்டமான விஷயம்தான். ஆனால் நம் ஊரில் விதி இல்லை என்பது சரியில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் 7.14 என்று ஒன்று இருக்கிறது. தொழில் முறையில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது. நீதிபதி உத்தரவிட்டால் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட ஆளுக்கோ சமூகத்துக்கோ பெரிய ஆபத்து இருந்தால் சொல்லலாம். அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்றால் சொல்லலாம். விமர்சனத்தில் திட்டிவிட்டார் என்பது அந்த மூன்றில் எதிலும் அடங்காது. பல் டாக்டர்களுக்கு 2014இல் வந்த தனி நெறிமுறை இருப்பது உங்களுக்கே தெரியும்.

அவரே சொல்லிவிட்டார் என்ற வாதம் எங்கள் பிரிவில் மாதம் ஒரு முறையாவது வரும். அவருடைய ரகசியத்தைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதனால் நமக்கு வாய் திறக்க அனுமதி கிடைத்துவிடாது. நீங்கள் சொன்ன அமெரிக்காவிலேயே, 2019இல் டல்லாஸில் ஒரு பல் மருத்துவமனை இதே தப்பைச் செய்து 10,000 டாலர் கட்டியது. அங்கேயும் நோயாளிதான் முதலில் விமர்சனம் எழுதினார், மருத்துவமனை அதற்குப் பதிலாகத்தான் அவருடைய பெயர், உடல்நிலை எல்லாம் எழுதியது.

இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. "நீங்கள் சனிக்கிழமை வந்தீர்கள்" என்று எழுதினாலே அவர் உங்கள் நோயாளி என்று ஒப்புக்கொண்டு ஊருக்குச் சொன்னதாகிவிடும். தம்பியின் பதிலில் நோயை எடுத்த பிறகும் அது மிச்சம் இருக்கிறது. டோக்கன் 23, 6.40, 8.15, எல்லாமே அதுதான்.

ஆர்டிநகர்_அப்பா
என் கதையைச் சொல்கிறேன். நான் அந்தப் பக்கம் நின்றவன்.

ஒரு க்ளினிக்கில் டாக்டர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று இரண்டு நட்சத்திரம் போட்டேன். நேரத்தைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். அடுத்த நாள் பதில் வந்தது. "நீங்கள் எட்டு மாதமாக இன்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அதனால் உங்களுக்குப் பொறுமை குறைவாக இருக்கலாம்" என்று. அது மனநலத்துக்கான மாத்திரை. என் விமர்சனத்தில் என் முழுப்பெயரும் படமும் இருந்தது. ஆபீஸில் ஒருத்தர் பார்த்துவிட்டு, நல்ல எண்ணத்தில்தான், "என்ன சார், உடம்புக்கு ஒன்றுமில்லையே" என்று கேட்டார். நான் விமர்சனத்தை எடுத்துவிட்டேன். அவர்கள் ஜெயித்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை நான்.

தம்பி, அந்த இரண்டு வரியை நீங்கள் எடுத்ததற்கு என் நன்றி.

மல்லேஸ்வரம்_பல்டாக்டர்
இதைப் படித்தபின் என் வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. நோயாளி என்றே காட்டிக்கொள்ளாமல் உண்மையைச் சொல்வது எப்படி?

அல்சூர்_தம்பி
சிஸ்டர் சொன்னபடி உட்கார்ந்து பார்த்தேன். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

6.40 என்பது டோக்கன் நேரம்தான். முன்மேசைப் பெண் 6.30க்கு வந்துதான் டோக்கன் கொடுக்கத் தொடங்குவார். ஜனம் ஆறு மணிக்கே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். கேமராவில் பார்த்தேன், அன்று முதல் ஆள் வந்தது 5.50. அப்படியென்றால் இரண்டு மணி நேரம் என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. நாங்கள் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, அந்தப் பெண் பேசிய விதம். அவள் கிருஷ்ணகிரிப் பக்கம், வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கன்னடம் அரைகுறை. எல்லோரிடமும் "கூத்கோ", "பா" என்றுதான் சொல்கிறாள். "கூத்கொள்ளி", "பன்னி" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. தமிழில் "உட்கார்", "வா" என்று பெரியவர்களிடம் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? மனசில் ஒன்றும் இல்லாத பிள்ளை அவள். கேட்டதும் அழுதுவிட்டாள்.

பரிசோதனை விஷயத்தில் மட்டும் அக்கா உறுதியாக இருக்கிறார். அது எழுத வேண்டிய பரிசோதனைதான் என்கிறார். ஆனால் எதற்கு என்று அன்றைய கூட்டத்தில் சரியாக விளக்கினாரா என்று கேட்டால் நினைவில்லை என்கிறார்.

புகார்ப்பிரிவு_சிஸ்டர்
இப்போது பதில் எழுதலாம். உங்கள் அக்கா "நினைவில்லை" என்று நேர்மையாகச் சொன்னார் பாருங்கள், அதை எங்கள் பெரிய ஆஸ்பத்திரியிலேயே அதிகம் கேட்டதில்லை.

டாக்டர் கேட்டதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். பதில் அந்தம்மாவைப் பற்றி இருக்கக் கூடாது, க்ளினிக்கைப் பற்றி இருக்க வேண்டும். "நீங்கள்" என்று தொடங்குகிற வாக்கியத்தை எல்லாம் "எங்கள் க்ளினிக்கில்" என்று மாற்றிப் பாருங்கள். மாற்ற முடிகிறதைச் சொல்லலாம். மாற்ற முடியாததைச் சொல்லக் கூடாது. "நீங்கள் 95 நிமிஷம் இருந்தீர்கள்" என்பது சொல்லக் கூடாதது. "எங்கள் க்ளினிக்கில் சனிக்கிழமை காத்திருப்பு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுகிறது" என்பது சொல்லலாம், அதுவும் உண்மைதானே.

பரிசோதனையில் கவனம். "காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் நாங்கள் பரிசோதனை எழுதுவோம்" என்று பொது விதி போல எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அவருடைய விமர்சனத்துக்குக் கீழே அது இருந்தால், பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல் என்று படிக்கிறவர் புரிந்துகொள்வார். அதற்குப் பதில், எந்தப் பரிசோதனை என்றாலும் எதற்கு, எவ்வளவு என்று முதலில் கேட்கலாம் என்பதைச் சொல்லுங்கள்.

சட்டப்புள்ளி
மன்னிப்பு என்ற வார்த்தை வேண்டாம். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் "நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்" என்று இதையே நீட்டுவார்கள். டாக்டர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டே தீர வேண்டும் என்றால் "அப்படி நடந்திருந்தால் வருந்துகிறோம்" என்று எழுதுங்கள்.

ஆர்டிநகர்_அப்பா
அந்த "இருந்தால்" இருக்கிறதே, அது மன்னிப்பு இல்லை சார். "நீ சொல்வதை நான் நம்பவில்லை" என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறது. வாங்குகிறவனுக்குத் தெரியும்.

புகார்ப்பிரிவு_சிஸ்டர்
இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. என் வழி இது: சிகிச்சை பற்றி எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அதற்கு இடம் இது இல்லை. ஆனால் டோக்கனும் பேச்சும் சிகிச்சை இல்லை. அதில் தப்பு என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. அதை "இருந்தால்" போடாமல் சொல்லுங்கள். "உங்களிடம் மரியாதையில்லாமல் பேசிவிட்டோம்" என்று எழுதினால் அவர் வந்ததை ஒப்புக்கொண்டதாகும், ஆகவே "எங்கள் முன்மேசையில் பேசும் முறையில் குறை இருக்கிறது" என்று எழுதுங்கள்.

செய்து முடிக்காததை வாக்குக் கொடுக்காதீர்கள். டோக்கன் நேரத்தை முதலில் மாற்றி, வாசலில் போர்டு மாட்டி, அதற்கு அப்புறம் எழுதுங்கள். ரெண்டு நாள் தாமதமானால் பரவாயில்லை. ஒரு விமர்சனத்துக்கு உங்கள் பக்கம் ஒரு பதில்தான் போட முடியும், வேண்டுமானால் திருத்தலாம். அதை அங்கே சண்டை வளர்க்கிற இடமாக்க வேண்டாம்.

அல்சூர்_தம்பி
போர்டு மாட்டியாச்சு, டோக்கன் இனி 5.30க்கு நானே கொடுக்கிறேன். அக்காவும் நானும் எழுதியது, கன்னடத்தில்தான் போடப் போகிறோம். பொருள் இது:

"வணக்கம். இங்கே யார் சிகிச்சைக்கு வந்தார், என்ன பார்த்தோம் என்பதைப் பொதுவில் பேச எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே எங்கள் க்ளினிக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

சனிக்கிழமை மாலையில் இங்கே காத்திருப்பு மிக நீளம். டோக்கன் 6.30க்குத்தான் கொடுத்துவந்தோம், அதற்கு முன் வந்து காத்திருப்பவர்களின் நேரம் எங்கள் கணக்கிலேயே வரவில்லை. இந்தப் பதிவைப் பார்த்த பிறகுதான் அதைக் கவனித்தோம். இப்போது 5.30க்கே டோக்கன் தருகிறோம், உத்தேச நேரத்தையும் அதில் எழுதுகிறோம். கைக்குழந்தையோடு வருபவர்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வரலாம்.

முன்மேசையில் பேசும் முறையில் குறை இருக்கிறது. அது எங்கள் பொறுப்பு, மன்னிப்புக் கேட்கிறோம்.

எந்தப் பரிசோதனையும் எதற்கு, என்ன செலவு என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்ய எல்லோருக்கும் உரிமை உண்டு. விளக்கம் போதவில்லை என்று தோன்றினால் டாக்டரிடம் நேரடியாகப் பேசலாம், அதற்குக் கட்டணம் இல்லை. மதியம் 2 முதல் 4 வரை க்ளினிக் எண்ணில் டாக்டரே எடுப்பார்."

லேப்_டெக்_கரோல்பாக்
நன்றாக இருக்கிறது. கடைசியில் "நட்சத்திரத்தை மாற்றிக் கொடுத்தால் மகிழ்ச்சி" என்று ஒரு வரி சேர்க்கலாமே? இல்லையென்றால் அந்த 400ஐத் திருப்பிக் கொடுத்து எடுக்கச் சொல்லலாம்.

புகார்ப்பிரிவு_சிஸ்டர்
வேண்டவே வேண்டாம். பணம் கொடுத்து விமர்சனத்தை மாற்றவோ எடுக்கவோ சொல்வது கூகுள் விதிக்கு எதிரானது. அதைவிட, "பணம்தான் குறி" என்று சொன்னவரிடம் பணத்தை நீட்டினால் அவர் சொன்னதை நீங்களே உறுதிப்படுத்தியது போல ஆகும். பில்லில் தப்பு இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், விமர்சனத்தைப் பற்றி வாயே திறக்காமல். இங்கே பில் சரி.

அவர் போன் செய்து மருத்துவப் பதிவுகளின் நகல் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அதே 2002 விதிகளில் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இழுத்தடித்தால் மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்.

மல்லேஸ்வரம்_பல்டாக்டர்
கன்னடத்தைத் தாய்மொழிக்காரர் ஒருத்தரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள் தம்பி. மரியாதைப் புகாருக்கு மரியாதை தப்பின கன்னடத்தில் பதில் போய்விடக் கூடாது.

அல்சூர்_தம்பி
காட்டினேன் டாக்டர். மாடி வீட்டு ஆசிரியை நாலு இடத்தில் திருத்தினார். அவரே இப்போது முன்மேசைப் பெண்ணுக்குத் தினமும் அரை மணி நேரம் கன்னடம் சொல்லிக் கொடுக்கிறார்.

அல்சூர்_தம்பி (பதினோரு நாள் கழித்து)
என்ன ஆயிற்று என்று சொல்ல வந்தேன்.

பதில் போட்டு நாலாம் நாள் அந்தம்மா மதியம் இரண்டரைக்குப் போன் செய்தார். அக்காதான் எடுத்தார். இருபது நிமிஷம். முதல் ஐந்து நிமிஷம் அவர் மட்டுமே பேசினாராம். பரிசோதனை ஏன் என்று அக்கா விளக்கினார். "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்" என்றாராம். ரிப்போர்ட்டின் நகல் கேட்டார், அடுத்த நாள் மாலை நானே எடுத்துக் கொடுத்தேன்.

விமர்சனம் இன்னும் இருக்கிறது. ஒரு நட்சத்திரம் இரண்டாகியிருக்கிறது. ரிசப்ஷன் வரியை எடுத்துவிட்டு "டோக்கன் முறையை மாற்றியிருக்கிறார்கள்" என்று சேர்த்திருக்கிறார். "1,650 கறந்துவிட்டார்கள்" என்ற வரி அப்படியே இருக்கிறது. அக்காவுக்கு அது இன்னமும் உறுத்துகிறது, எனக்கும்தான்.

சட்டப்புள்ளி
அந்த வரிக்காக இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாமே, மரியாதையாகவே?

புகார்ப்பிரிவு_சிஸ்டர்
நான் கேட்க மாட்டேன். ஆனால் உங்கள் பதிலில் ஒன்று திருத்தலாம் தம்பி. போனில் கூப்பிட அடுத்தவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். மதியம் 2 முதல் 4 என்பதை அக்காவால் தினமும் காப்பாற்ற முடிகிறதா?

அல்சூர்_தம்பி
வியாழக்கிழமை முடியவில்லை சிஸ்டர். அன்றைக்கு மட்டும் இல்லை என்று இப்போதே திருத்திவிடுகிறேன்.